பேக்லோஃபென்: காலைத் தளர்த்தும் மாத்திரை கண்ணையும் ஏன் செருக வைக்கிறது?

தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறி, கால் வழுக்கி விழுந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பதுக்குச் சற்று மேல், கோத்தகிரிக்குக் கீழே ஒரு லயன் வீட்டில் மனைவியோடு இருக்கிறார். குறிப்பிட்ட யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. விளக்குவதற்காக நான் உருவாக்கிக்கொண்ட ஆள் இவர். அண்ணன் என்றே சொல்வோம்.

அண்ணனுக்கு முதுகின் நடுப்பகுதிக்குக் கீழே, பத்தாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவடம் நசுங்கிவிட்டது. முழுவதும் அறுபடவில்லை. கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது இரண்டு கால்களும் துணி மாதிரி தொளதொளவென்று கிடந்தன. சில வாரங்கள் கழித்து ஒரு மாற்றம். போர்வையை இழுத்தால் கால் சட்டென்று நீண்டு விறைக்கிறது. குளிர்ந்த கை பட்டால் முழங்கால் மடங்கி வயிற்றை நோக்கி இழுக்கிறது. பாதத்தை அழுத்தினால் கணுக்கால் டக்டக்கென்று துள்ளிக்கொண்டே இருக்கிறது. "கால் அசையுதுங்க, உயிர் வந்துடுச்சு" என்று அண்ணி சந்தோஷப்படுகிறார். பல வீடுகளில் இப்படித்தான் நடக்கும். அந்தச் சந்தோஷத்தைக் குலைக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் அந்த அசைவு அண்ணன் அசைப்பது அல்ல. அவர் வேண்டாம் என்று நினைத்தாலும் கால் இழுக்கும். மருத்துவர்கள் இதை ஸ்பாஸ்டிசிட்டி என்பார்கள். நாம் விறைப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த விறைப்புக்கு அதிகம் எழுதப்படும் மாத்திரை பேக்லோஃபென். அதைச் சாப்பிடும் வீடுகளில் அதிகம் கேட்கும் புகார், "நாள் பூரா தூங்கிக்கிட்டே இருக்காருங்க" என்பது. மருந்து வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால், அந்தத் தூக்கம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட பக்க விளைவு இல்லை என்று தெரியும். காலைத் தளர்த்தும் அதே செயல்தான் மூளையில் தூக்கமாக வெளிப்படுகிறது.

முதலில் விறைப்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு தசைக்குள்ளும் அதன் நீளத்தைக் கவனிக்கும் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. தசை திடீரென்று நீட்டப்பட்டால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். அங்கே அந்த நரம்பின் முனையிலிருந்து குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் சிந்தும். அது அடுத்திருக்கும் இயக்க நரம்பணுவைத் தூண்டும். தூண்டப்பட்ட நரம்பணு, "சுருங்கு" என்று அதே தசைக்கு உத்தரவு அனுப்பும். மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டும்போது கால் உதைப்பது இந்தச் சுற்றினால்தான். இதற்கு மூளையின் அனுமதி தேவையில்லை.

ஆனால் மூளையின் கட்டுப்பாடு உண்டு. மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் நரம்புப் பாதைகள் இந்தச் சுற்றை எப்போதும் அடக்கியே வைத்திருக்கும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமையோடு இறங்கும் லாரியை நினைத்துப் பாருங்கள். இன்ஜின் கியரும் பிரேக்கும் பிடித்திருப்பதால்தான் அது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நிதானமாகத் திரும்புகிறது. பிரேக் போனால் லாரிக்குப் புதிதாக எந்தச் சக்தியும் வருவதில்லை, ஏற்கெனவே இருந்த வேகம்தான் கட்டுக்கடங்காமல் போகிறது. அண்ணனின் தண்டுவடத்திலும் நடந்தது இதுதான். காயத்துக்குக் கீழே சுற்று அப்படியே உயிரோடு இருக்கிறது, மேலிருந்து வரும் அடக்கம்தான் அறுந்துவிட்டது. அதனால் சின்ன நீட்டலுக்கும் பெரிய சுருக்கம் வருகிறது. பக்கவாதம், மூளை முடக்குவாதம், மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் ஆகியவற்றில் வரும் விறைப்புக்கும் அடிப்படை இதேதான், அடிபட்ட இடம் மட்டும் வேறு.

இந்த விறைப்புக்கு ஓர் அடையாளம் உண்டு. அண்ணனின் முழங்காலை மெதுவாக மடக்கினால் ஓரளவு இணங்கி மடங்கும். வேகமாக மடக்கினால் நடுவழியில் டக்கென்று பிடித்துக்கொள்ளும். எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ அவ்வளவு எதிர்ப்பு. மெதுவாக, பொறுமையாக அழுத்தியும் ஓர் எல்லைக்கு மேல் கணுக்கால் நகரவே இல்லை என்றால் அது வேறு விஷயம். மாதக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்து தசைநாரும் மூட்டுறையும் குறுகிவிட்டன என்று அர்த்தம். அதற்கு எந்த மாத்திரையும் உதவாது. நீட்டல் பயிற்சி, பிடிப்புக்கட்டை, சில சமயம் அறுவை சிகிச்சைதான் வழி. மாத்திரை அளவை ஏற்றிக்கொண்டே போய், "கணுக்கால் மட்டும் அப்படியே இருக்கு" என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

இனி மருந்துக்கு வருவோம். நரம்பு மண்டலத்தில் அடக்கும் வேலைக்கென்றே காபா என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது வந்து அமர இரண்டு வகையான ஏற்பிகள் உண்டு: காபா-ஏ, காபா-பி. பேக்லோஃபென் காபாவைப் போலவே வடிவம் கொண்டது, காபா-பி ஏற்பியில் அமர்கிறது. அங்கே அமர்ந்ததும் இரண்டு இடங்களில் வேலை நடக்கிறது.

ஒன்று, செய்தி கொண்டுவரும் நரம்பின் முனையில். குளூட்டமேட் சிந்த வேண்டுமானால் அந்த முனைக்குள் கால்சியம் நுழைய வேண்டும். பேக்லோஃபென் அந்தக் கால்சியம் வாயிலை அடைக்கிறது. உள்ளே வரும் கால்சியம் குறைவதால் சிந்தும் குளூட்டமேட்டும் குறைகிறது. தசை, "என்னை நீட்டுகிறார்கள்" என்று கத்தினாலும் தண்டுவடத்துக்கு அது முணுமுணுப்பாகத்தான் கேட்கும்.

இரண்டாவது, செய்தியைப் பெறும் நரம்பணுவில். அங்கே பொட்டாசியம் வாயில்கள் திறக்கின்றன. நேர்மின்னேற்றம் கொண்ட பொட்டாசியம் வெளியேறுவதால் நரம்பணுவின் உட்பக்கம் வழக்கத்தைவிட அதிகமாக எதிர்மின் நிலைக்குப் போகிறது. அப்புறம் அதைத் தூண்ட வழக்கத்தைவிட வலுவான செய்தி வேண்டும். அனுப்புவதும் குறைந்தது, கேட்பதும் மந்தமானது. கால் துள்ளுவது அடங்குகிறது.

இந்த மருந்து வந்த கதையும் சுவையானது. 1962-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் ஹைன்ரிச் கெபர்லே என்ற வேதியியலாளர் இதை உருவாக்கினார். நோக்கம் வலிப்பு நோய்க்கு மருந்து காண்பது. காபா ரத்தத்திலிருந்து மூளைக்குள் சரியாக நுழையாது என்பதால், அதன்மேல் ஒரு குளோரின் சேர்ந்த வளையத்தை ஒட்டி நுழையக்கூடிய வடிவம் கொடுத்தார்கள். வலிப்புக்கு எதிர்பார்த்த பலன் இல்லை. ஆனால் சில நோயாளிகளுக்கு விறைப்பு குறைந்தது கவனத்துக்கு வந்தது, 1970-களில் விறைப்புக்கான மருந்தாக நிலைபெற்றது. இது அமரும் காபா-பி ஏற்பி தனியாக ஒன்று இருக்கிறது என்பதே 1980-ஐ ஒட்டித்தான் தெரிந்தது. மருந்தியலாளர் நார்மன் போவரியின் குழு அதைக் கண்டறியப் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று இதே பேக்லோஃபென். பூட்டைக் கண்டுபிடிக்கும் முன்பே சாவி சந்தைக்கு வந்துவிட்டது.

சரி, தூக்கம் எங்கிருந்து வருகிறது? காபா-பி ஏற்பி தண்டுவடத்தில் மட்டும் இருந்தால் பிரச்சினையே இல்லை. அது மூளைப் புறணியிலும், விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஆழமான பகுதிகளிலும், சிறுமூளையிலும் நிறைய இருக்கிறது. வாயில் போட்ட மாத்திரை ரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது. ரத்தத்திலிருந்து நரம்பு மண்டலத்துக்குள் நுழைவது இதற்கும் அவ்வளவு சுலபமில்லை, கொடுத்ததில் சிறு பங்குதான் உள்ளே போகும். ஆகவே தண்டுவடத்துக்குப் போதுமான அளவு கிடைக்க உடம்பு முழுக்க மருந்தை ஏற்ற வேண்டியிருக்கிறது. தண்டுவடத்தில் குளூட்டமேட் குறைந்தால் கால் தளர்கிறது. மூளையில் குறைந்தால் கண் செருகுகிறது, தலை சுற்றுகிறது, சொன்னதைப் புரிந்துகொள்ளத் தாமதமாகிறது. மருந்துக்கு இடம் பார்க்கத் தெரியாது.

இப்போது அண்ணனுக்கு மருத்துவர் எப்படிக் கொடுக்கிறார் என்று பார்ப்போம். நல்ல மருத்துவர் முதலில் மாத்திரையை எழுதமாட்டார். விறைப்பைக் கிளப்பிவிடும் காரணம் ஏதாவது கீழே இருக்கிறதா என்று தேடுவார். சிறுநீர்ப் பாதைத் தொற்று, மலச்சிக்கல், மடங்கிப்போன சிறுநீர்க் குழாய், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம் எல்லாம் அந்தக் காரணங்களில் சேரும். அண்ணனுக்கு அங்கே உணர்ச்சி குறைவு, வலி தெரியாது. ஆனால் வலிக்கான செய்தி தண்டுவடத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கும், அது விறைப்பாக வெளிப்படும். நேற்று வரை சாதாரணமாக இருந்த கால் இன்று திடீரென்று இழுத்தால், மருந்தை ஏற்றுவதற்கு முன் சிறுநீரைப் பாருங்கள் என்பது பழைய விதி. குளிரும் பலருக்கு இழுப்பைக் கூட்டும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை உறைபனி இறங்கும் நேரத்தில் கால் அதிகம் விறைக்கிறது என்று மலையில் உள்ளவர்கள் சொல்வதில் ஆச்சரியமில்லை. அதற்கு ஒரு கம்பளிக் காலுறை, காலையில் ஒரு மாத்திரையைவிட நல்ல மருந்தாக இருக்கலாம். ஆனால் சூட்டுப் பையை உணர்ச்சியில்லாத காலில் வைக்கவே கூடாது. தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

இவையெல்லாம் பார்த்தும் அண்ணனால் இரவில் தூங்க முடியவில்லை, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும்போது கால் உதைத்துக் கீழே தள்ளுகிறது. எனவே பேக்லோஃபென் தொடங்குகிறார்கள். தொடக்க அளவு வழக்கமாக 5 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. ஒரு வேளை மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய மூன்று, நான்கு மணி நேரமே ஆகிறது, அதனால்தான் பிரித்துக் கொடுக்கிறார்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை ஒவ்வொரு வேளைக்கும் 5 மில்லிகிராம் கூட்டலாம். 15-இல் தொடங்கி 30, பிறகு 45 என்று நாளொன்றுக்கான அளவு ஏறும். பலருக்கு 40 முதல் 80 மில்லிகிராமுக்குள் பலன் தெரியும். வழக்கமான உச்ச வரம்பு 80.

30-இல் அண்ணனின் இரவு இழுப்பு பாதியாகக் குறைந்தது. 45-இல் இரவு அமைதியானது. ஆனால் பகலில் இரண்டு புதிய பிரச்சினைகள் வந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டி எழுப்பினாலும் கண்ணைத் திறந்து மூடிவிடுகிறார். அதைவிட முக்கியமானது இது: வாக்கரைப் பிடித்து எழுந்து நின்று வந்தவருக்கு இப்போது முழங்கால் மடிந்து போகிறது.

இந்த இரண்டாவது பிரச்சினையைப் பலர் "பலவீனம் வந்துவிட்டது" என்று மட்டும் புரிந்துகொள்வார்கள். நடந்தது என்னவென்றால், அண்ணனின் தொடைத் தசையில் அவர் விருப்பப்படி வரும் பலம் கொஞ்சம்தான். மீதியை விறைப்புதான் கொடுத்துக்கொண்டிருந்தது. எழுந்து நிற்கும்போது தொடை விறைத்து முழங்காலைப் பூட்டியது, அந்தப் பூட்டின்மேல்தான் அவர் நின்றார். மருந்து பூட்டையும் திறந்துவிட்டது. விறைப்பு முழுவதும் எதிரி இல்லை என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். சிகிச்சையின் குறி விறைப்பைச் சுழியாக்குவது அல்ல. எந்த விறைப்பு அவருக்குத் தொந்தரவு, எது அவருக்குக் கால் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், மருத்துவர் கட்டிலில் படுக்க வைத்துக் காலை மடக்கிப் பார்த்து அளவை முடிவு செய்வது பாதி வேலைதான். அவர் எழுந்து நிற்பதையும், கழிப்பறைக்கு மாறுவதையும் ஒரு முறை பார்க்க வேண்டும். மலையில் இது இன்னும் முக்கியம். லயன் வீட்டிலிருந்து வெளியே வந்தாலே படிக்கட்டு, அதுவும் சம உயரமில்லாத கல் படி.

அண்ணனுக்கு மூன்று வேளையும் ஒரே அளவு கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருத்துவர் மாற்றி எழுதினார்: காலை 10, மதியம் 5, இரவு படுக்கும் முன் 20. மொத்தம் 35. தூக்கம் வரவேண்டிய நேரத்தில் தூக்கம் வரட்டும், இழுப்பு அதிகமுள்ள இரவில் மருந்தும் அதிகமாக இருக்கட்டும் என்பது கணக்கு. பகலில் கொஞ்சம் விறைப்பு மிச்சமிருந்தது, அதன் மேல் அவர் மறுபடி நின்றார். முதல் ஒன்றிரண்டு வாரத்து மயக்கம் பலருக்கு உடல் பழகியதும் தானாகக் குறையும். அதனால் ஏற்றும்போது அவசரப்படாமல், ஒவ்வொரு அளவிலும் சில நாள் நின்று பார்ப்பது நல்லது. எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பக்கத்து வீட்டுச் சீட்டைப் பார்த்து அளவு வைக்கும் மருந்து இது அல்ல.

தூக்கம் எப்போது ஆபத்தாகிறது? மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, மேலே சேரும் பொருட்கள். மது, ஓபியாய்டு வலி மருந்துகள், நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபலின், காபாபென்டின், தூக்க மாத்திரை, சளிக்குக் கடையில் வாங்கும் மயக்கம் தரும் மாத்திரை ஆகிய எல்லாமே மூளையை அடக்குபவை. தண்டுவடக் காயத்தில் நரம்பு வலி சகஜம், ஆகவே ப்ரீகாபலினும் பேக்லோஃபெனும் ஒரே சீட்டில் இருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் இரண்டையும் ஒரே வாரத்தில் ஏற்றக் கூடாது, எதனால் மயக்கம் வந்தது என்று தெரியாமல் போய்விடும். சாயங்காலம் டாஸ்மாக் சரக்கும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகும்.

இரண்டாவது, சிறுநீரகம். பேக்லோஃபெனில் பெரும்பகுதி உடலில் மாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் மூன்று, நான்கு மணி நேரத்தில் பாதியாக வேண்டிய மருந்து தேங்கிக்கொண்டே போகும். தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாது, அடிக்கடி தொற்று வரும், பல வருடங்களில் சிறுநீரகமும் கெடலாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிறுநீரகத்தை அளக்க நாம் பார்க்கும் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. அண்ணனின் கால் தசைகள் மெலிந்துவிட்டன, அதனால் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் கிரியேட்டினின் பார்வைக்குச் சாதாரணமாகவே காட்டலாம். ஒரே அளவு மாத்திரையை மாதக்கணக்கில் நன்றாகச் சாப்பிட்டு வந்தவர் திடீரென்று குழறிப் பேசுகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார், எழுப்ப முடியவில்லை என்றால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய ஒரு வாரமே சில சமயம் போதும். அப்படிப்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதுதான் வழி, வீட்டில் ஒரு வேளையை விட்டுப் பார்ப்பது அல்ல.

மூன்றாவது, மருந்தை மாற்றும்போது. பேக்லோஃபென் தூக்கம் தாங்கவில்லை என்றால் டிசானிடின் என்ற இன்னொரு மருந்துக்கு மாற்றுவதுண்டு, சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. அது காபாவைத் தொடுவதே இல்லை. நார்அட்ரினலின் அமரும் ஆல்ஃபா-2 ஏற்பியில் அமர்ந்து, நரம்பு முனையிலிருந்து குளூட்டமேட் போன்ற தூண்டும் பொருட்கள் சிந்துவதைக் குறைக்கிறது. பாதை வேறு, போய்ச் சேரும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். தசை பலத்தை பேக்லோஃபென் அளவுக்குக் குறைப்பதில்லை என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆனால் தூக்கம் இதிலும் உண்டு. வாய் வறளும். ரத்த அழுத்தம் இறங்கும், குறிப்பாக எழுந்து நிற்கும்போது. கல்லீரலையும் பாதிக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள்.

டிசானிடின் சாப்பிடுபவர்கள் ஒன்றை மனப்பாடமே செய்துகொள்ளலாம்: சிப்ரோஃப்ளாக்சசின் கூடாது. டிசானிடினைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியை அந்த ஆன்டிபயாட்டிக் முடக்கிவிடுகிறது. ஆய்வில் டிசானிடினின் மொத்த அளவு ரத்தத்தில் சராசரியாகப் பத்து மடங்கு கூடியது. நடக்கிற வரிசையைப் பாருங்கள். அண்ணனுக்குச் சிறுநீர்த் தொற்று வருகிறது, விறைப்பு கூடுகிறது. சிறுநீர்த் தொற்றுக்கு நம் ஊரில் சட்டென்று கைக்கு வரும் மருந்துகளில் ஒன்று சிப்ரோ. அதை அவர் தொடங்கிய அன்றே டிசானிடின் பன்மடங்காகி, ரத்த அழுத்தம் சரிந்து, மயங்கி விழுகிறார். எழுதியவருக்கு அவர் டிசானிடின் சாப்பிடுவது தெரியாது. அதனால் புதிய மருத்துவரிடமோ மருந்துக் கடையிலோ எது வாங்கினாலும் பழைய சீட்டைக் காட்டுவது உயிர் காக்கும் பழக்கம்.

டயசெபாம் இவற்றைவிடப் பழையது. அது காபா-ஏ ஏற்பியில் வேலை செய்கிறது. காபா வந்து அமரும்போது குளோரைடு வாயில் இன்னும் அடிக்கடி திறக்கும்படி செய்து அதன் செயலைப் பெருக்குகிறது. விறைப்பைக் குறைக்கும், தூக்கத்தையும் தாராளமாகத் தரும், உடலில் நெடுநேரம் தங்கும், பழக்கமாகிவிடும். இரவில் மட்டும், கொஞ்ச நாளைக்கு என்றால் பரவாயில்லை.

முதுகு பிடித்துக்கொண்டால் எழுதித் தரும் குளோர்சாக்சசோன், தையோகால்ச்சிகோசைடு போன்றவற்றையும் கடைகளில் "தசை தளர்த்தி" என்றே சொல்கிறார்கள். அவையும் மைய நரம்பு மண்டலத்தில் வேலை செய்பவை, சுளுக்கு, முதுகுப் பிடிப்பு ஆகியவற்றுக்குச் சில நாள் தருபவை. தண்டுவடம், மூளை காயப்பட்டு வரும் விறைப்புக்கு அவை மருந்தல்ல. முதுகுவலிக்காக வாங்கி வைத்த மாத்திரையில் மிச்சமிருக்கிறதே என்று அண்ணனுக்குக் கொடுத்தால் கிடைப்பது தூக்கம் மட்டும்தான்.

தூக்கத்தைத் தாண்டிச் செல்ல ஒரு வழி உண்டு. மருந்தை உடம்பு முழுக்க அனுப்பாமல் நேராகத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் விடுவது. வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு சிறு பம்பு வைத்து, மெல்லிய குழாயைத் தண்டுவட உறைக்குள் செலுத்துவார்கள். ரிச்சர்ட் பென், ஜெஃப்ரி குரோயின் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் இந்த முறையைப் பற்றி எழுதினார்கள். பம்பு வைப்பதற்கு முன் சோதனையாகக் கொடுக்கும் அளவு வழக்கமாக 50 மைக்ரோகிராம். வாய்வழி 50 மில்லிகிராமோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு குறைந்த அளவில் கால் தளர்கிறது, மூளைக்குப் போவது சொற்பம், கண் செருகுவதும் குறைவு. இதைவிடத் தெளிவாக இடத்தின் முக்கியத்துவத்தைக் காட்ட முடியாது. ஆனால் பம்பு விலை அதிகம், சில மாதங்களுக்கு ஒரு முறை ஊசி போட்டு நிரப்ப வேண்டும், அதற்குப் பெரிய நகரத்துக்கு இறங்க வேண்டும். நிரப்பத் தவறினால் வருவது, மாத்திரையை நிறுத்தினால் வருவதைவிடக் கொடுமை.

அந்த நிறுத்தத்தைப் பற்றித்தான் மலையில் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் பேக்லோஃபென் அடக்கிவைத்த நரம்பு மண்டலம் அதற்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கும். மருந்தைத் திடீரென்று எடுத்தால் ஒன்றிரண்டு நாளில் விறைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். உடம்பு அரிக்கும், வியர்க்கும், காய்ச்சல் வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பும் வரலாம். காய்ச்சலோடு உளறுவதைப் பார்த்துத் தொற்று என்று முடிவு கட்டிவிடும் வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடுவது நமக்குப் புதிதல்ல. கீழேயிருந்து மருந்து வாங்கி வருபவர்கள் இரண்டு வாரத்துக்கான மாத்திரையை எப்போதும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் இருந்தால், கையிருப்பு எவ்வளவு என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள். தூக்கம் தாங்கவில்லை என்று மருந்தை விட நினைத்தாலும் ஒரே நாளில் விடக் கூடாது. மருத்துவர் சொல்லி, வாரத்துக்கு 5 அல்லது 10 மில்லிகிராம் என்று மெல்ல இறக்க வேண்டும்.

ராத்திரி நேரத்தில் அண்ணன் சரியில்லை, மருந்து கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று அண்ணிக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். காலைத் தொட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கால் தொளதொளவென்று கிடந்து, எழுப்பினால் எழாமல், மூச்சு மெதுவாக வந்தால் மருந்து தேங்கியிருக்கிறது. கால் கட்டை மாதிரி விறைத்து, உடம்பு சுட்டு, தூக்கமே இல்லாமல் பதறிப் பிதற்றினால் மருந்து போதவில்லை அல்லது நின்றுவிட்டது. இரண்டுக்கும் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். ஆம்புலன்ஸில் ஏறும்போது மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைசியாக எப்போது, எத்தனை மாத்திரை சாப்பிட்டார் என்று அங்கே முதலில் சொல்லுங்கள்.